கோதுமையை நிறுத்தும் முன் இரத்தப் பரிசோதனை

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நீடித்து எடையும் கூடாவிட்டால், நம்மில் பலர் முதலில் சப்பாத்தி, பரோட்டாவை நிறுத்திவிடுகிறோம். சீலியாக் நோய்ப் பரிசோதனைக்கு அதுவே இடைஞ்சல்.

இந்நோய் உள்ளவர் கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தைச் சாப்பிட்டு வரும்போதுதான் 'டிடிஜி ஐஜிஏ' எனும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் உயர்ந்திருக்கும். நிறுத்தினால் மெல்ல இறங்கிவிடும். மூன்று மாதம் கோதுமையே தொடாத பிள்ளைக்குச் சோதித்தால், நோய் இருந்தும் 'இல்லை' என்று வரலாம். அப்படி நிறுத்தியிருந்தால் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். பொதுவாக தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு, குறைந்தது 6 வாரம் சாப்பிட்ட பிறகே இரத்தம் எடுப்பார்கள்.

மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிலருக்கு ஐஜிஏ மிகக் குறைவு. அவர்களிடம் டிடிஜி ஐஜிஏ உயர வழியில்லை. அவர்களுக்கு ஐஜிஜி வகைப் பரிசோதனைதான் பொருந்தும்.