நார்மல் மேப்பின் பச்சைச் சேனல்

பிளெண்டரில் ஒரு பழைய இரும்புக் கதவு செய்யப்படுகிறது. பலகைகளைப் பிணைக்கும் பட்டைகளின் மேல் வரிசையாக உருண்டைத் தலை ஆணிகள். பிளெண்டரின் திரையில் அவை புடைத்து நிற்கின்றன. அதே கதவை அன்ரியல் என்ஜினுக்குக் கொண்டுபோய் மேலிருந்து ஒரு விளக்கைப் போட்டால், ஆணித் தலைகள் இருந்த இடத்தில் சிறு சிறு குழிகள் தெரிகின்றன. மாடலும் அதேதான், படமும் அதேதான். மாறியது அந்தப் படத்தின் பச்சை நிறத்தை என்ஜின் படிக்கும் முறை மட்டுமே.

நார்மல் மேப் என்பது பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை நிறமாகக் குறித்துவைக்கும் படம். சிவப்பு இடவலச் சாய்வைச் சொல்கிறது; பச்சை மேல்கீழ்ச் சாய்வை; நீலம் பரப்பிலிருந்து வெளிநோக்கும் அளவை. −1 முதல் +1 வரையான எண்கள் 0 முதல் 255 வரை நீட்டி எழுதப்படுகின்றன. அதனால் சாய்வே இல்லாத சமதளம் 128, 128, 255 என்ற இளநீல ஊதாவாக வருகிறது. நார்மல் மேப் என்றதும் நினைவுக்கு வரும் நிறம் அதுதான்.

கதவின் ஓர் ஆணித் தலையை நெருங்கிப் பார்க்கலாம். அதன் மேல் விளிம்புப் பக்கம் 45 பாகை சாய்ந்து மேல்நோக்கும் ஒரு புள்ளிக்கு, பிளெண்டர் 128, 218, 218 என்று எழுதும். நேர் கீழே, கீழ்நோக்கிச் சாயும் புள்ளிக்கு 128, 37, 218. பச்சை கூடினால் மேல்நோக்கு, குறைந்தால் கீழ்நோக்கு என்பது பிளெண்டரின் கணக்கு. அன்ரியலின் கணக்கு இதற்கு நேர் எதிர்: அங்கே 218 என்றால் கீழ்நோக்கு. எனவே ஆணியின் உச்சிப் பக்கம் தரையைப் பார்ப்பதாக அன்ரியல் எடுத்துக்கொள்கிறது. மேலிருந்து வரும் வெளிச்சம் அங்கே விழாமல், அடிப்பக்கத்தில் விழுந்ததுபோல் கணக்கிடப்படுகிறது. உச்சி இருண்டு அடி ஒளிர்ந்தால் மனிதக் கண் அதைக் குழி என்றே படிக்கும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று கண் வழக்கமாக எடுத்துக்கொள்கிறது. நிலவின் பள்ளங்களைக் காட்டும் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அவை மேடுகளாகத் தெரிவதும் இதனால்தான்.

இந்த முரண் பிறந்த இடம் டெக்ஸ்சரின் ஆயத்தொலைவு முறை. ஓப்பன்ஜிஎல் வழக்கில் படத்தின் தொடக்கப் புள்ளி கீழ் மூலை. யூவியின் வி எண் மேல்நோக்கி வளர்கிறது. டைரக்ட்எக்ஸ் வழக்கில் தொடக்கம் மேல் மூலை. வி கீழ்நோக்கி வளர்கிறது. பச்சைச் சேனல் அளப்பது வி வளரும் திசையைத்தான் என்பதால், இரு வழக்குகளிலும் அதன் குறி எதிரெதிராக அமைந்தது. முதலாவதை +Y என்றும் இரண்டாவதை -Y என்றும் குறிப்பிடுவார்கள்.

ஆனால் இந்தப் பெயர்களை நம்பி முடிவெடுக்கக் கூடாது. விண்டோஸில் யூனிட்டி ஓடுவது பெரும்பாலும் டைரக்ட்எக்ஸ் மேல்தான். இருந்தும் அது எதிர்பார்ப்பது ஓப்பன்ஜிஎல் வகை மேப்பை. பிளெண்டர், மாயா, யூனிட்டி, கோடோ ஆகியவை +Y பக்கம். அன்ரியலும் கிரைஎன்ஜினும் -Y பக்கம். glTF கோப்பு வடிவம் தன் விதியிலேயே +Y என்று எழுதிவைத்திருக்கிறது. எஃப்பிஎக்ஸ் வழியாக அனுப்பும் மாடலோடு தனியாகப் போகும் பிஎன்ஜி படத்திலோ எந்த வழக்கு என்ற குறிப்பே வழக்கமாக இருப்பதில்லை. என்ஜின் தானாகக் கண்டுகொள்ளும் என்று காத்திருந்து பயனில்லை.

இந்தக் கோளாறு ஒரே மாதிரி வெளிப்படாததுதான் பலரைத் திசைதிருப்புகிறது. புரள்வது பச்சை மட்டும். சிவப்பு சரியாகவே இருக்கிறது. ஆகவே விளக்கைக் கதவின் பக்கவாட்டுக்கு நகர்த்தினால் அதே ஆணிகள் ஒழுங்காகப் புடைத்துத் தெரியும். யூவி விரிப்பில் ஒரு பட்டை மட்டும் 90 பாகை திருப்பி வைக்கப்பட்டிருந்தால் அந்தப் பட்டையில் பிழை பக்கவாட்டுக்கு மாறிவிடும்: மேல் விளக்கில் அது சரியாகவும் பக்கத்துப் பட்டை தவறாகவும் தோன்றும். இரண்டும் சந்திக்கும் இடத்தில், பிளெண்டரில் இல்லாத ஒரு தையல் கோடு முளைக்கும். ‘பாதி சரியாக இருக்கிறதே, அப்படியானால் மெஷ்ஷில்தான் தவறு’ என்று முகங்களைத் திருப்பத் தொடங்கினால் வேலை இன்னும் கெடும்.

சந்தேகத்தைத் தீர்க்க நேரான வழி, படத்தின் பச்சைச் சேனலை மட்டும் கறுப்பு வெள்ளையாகத் திறந்து பார்ப்பது. மேடு என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை, ஓர் ஆணித் தலையையோ செங்கல்லையோ, பார்க்க வேண்டும். அதன் மேல் விளிம்பு வெளுத்திருந்தால் +Y. கீழ் விளிம்பு வெளுத்திருந்தால் -Y. யூவி திருப்பம் இங்கே குறுக்கிடாது, படத்தையே பார்ப்பதால்.

திருத்தத்தை மூன்று இடங்களில் எங்கும் செய்யலாம். பிளெண்டரில் பேக் செய்யும்போதே Swizzle வரிசையில் G என்பதற்கு +Y-க்குப் பதில் -Y தேர்ந்தெடுத்தால் அன்ரியலுக்கு ஏற்ற படம் நேரடியாகக் கிடைக்கும். படம் ஏற்கெனவே என்ஜினுக்குள் போய்விட்டதென்றால், அன்ரியலின் டெக்ஸ்சர் எடிட்டரில் Flip Green Channel பெட்டியை டிக் செய்தால் போதும். படம் மட்டும் கையில் இருந்தால் இமேஜ்மேஜிக்கில் ஒரே வரி:

```
magick kadhavu_gl.png -channel G -negate kadhavu_dx.png
```

இங்கே பச்சையை மட்டும் புரட்டுவது முக்கியம். படத் திருத்தியில் முழுப் படத்தையும் நெகட்டிவ் ஆக்கினால் சிவப்பும் சேர்ந்து புரண்டு, மேல்கீழ்ப் பிழை போய் இடவலப் பிழை வந்து சேரும். இன்னொரு சறுக்கல் இரட்டைத் திருத்தம்: ஒருவர் பேக் செய்யும்போது -Y வைத்திருப்பார், அதே அணியில் இன்னொருவர் என்ஜினில் டிக் போடுவார், படம் பழையபடி குழியாகிவிடும். பாலி ஹேவனின் டெக்ஸ்சர் கோப்புப் பெயர்களில் nor_gl, nor_dx என்றும், ஆம்பியன்ட்சிஜியில் NormalGL, NormalDX என்றும் இரு வகைகளும் தனித்தனியாக வருவது இதைத் தடுக்கத்தான். தானே பேக் செய்கிறவரும் அதே ஒட்டைப் பெயரோடு சேர்த்துவிட்டால் அணியில் யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

பச்சையைப் புரட்டியும் சரியாகவில்லை என்றால் காரணம் வேறு. கண்ணாடி பிம்பமாக இரட்டித்த மாடலில் ஒரு பாதி மட்டும் தவறினால், என்ஜின் டேன்ஜென்ட்டோடு வைத்திருக்கும் ±1 குறி பிசகியிருக்கலாம்; டேன்ஜென்ட்டுகளை மிக்ட்ஸ்பேஸ் முறையில் மறுபடி கணக்கிடச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆணிகள் இல்லாத சமதளம்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்ததுபோல் நிழலடித்தால், படம் sRGB ஆக ஏற்றப்பட்டிருக்கிறது. அப்போது 128 நடு எண்ணாக நிற்காமல் ஏறக்குறைய 0.22 ஆகிவிடுகிறது, சாய்வே இல்லாத இடமும் −0.57 அளவு சாய்வதாக என்ஜின் படிக்கிறது. அன்ரியலில் sRGB குறியை எடுத்துவிட்டு, டெக்ஸ்சரின் சுருக்க முறையை Normalmap என்று வைக்க வேண்டும். பிளெண்டரில் அதே படத்துக்கு Color Space என்ற இடத்தில் Non-Color.