மங்கும் புள்ளியும் மயங்கும் கொம்பும்: ஒசூர் வட்டாரக் கையெழுத்தை முன்வைத்து

விரைந்தெழுதும் தமிழில் புள்ளி மங்குவதையும் குறிலும் நெடிலும் மயங்குவதையும் கவனக்குறைவு என்ற ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். இவை வெவ்வேறு பிழைகள். இரண்டாவதுதான் பொருளைக் கெடுப்பது.

ஒசூர்த் தொழிற்பேட்டையில் கார்பன் தாள் வைத்து எழுதும் செல்லான் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதில் ‘கெட்ட பாகம் அனுப்பப்பட்டது’ என்று இருக்கிறது. பந்துமுனைப் பேனாவில் குண்டு உருண்டால்தான் மை இறங்கும். தட்டி எடுக்கும் புள்ளியில் அது உருளுவதே அரிது. முதல் தாளிலேயே மங்கிய புள்ளி, தட்டலின் அழுத்தம் போதாவிட்டால் கார்பன் படியில் காணாமலே போகிறது. ஆனாலும் ‘கெடட பாகம’ என்று கண்டவர் தயங்காமல் படித்துவிடுவார். அப்படிச் சொற்கள் தமிழில் இல்லை. கல்வி புள்ளி இழந்தால் கலவி ஆவது போன்ற இடங்கள் உண்டுதான், அங்கும் பெரும்பாலும் வாக்கியமே காத்துவிடும்.

கொம்பு அப்படியன்று. இரட்டைக்கொம்பின் மேற்சுழி அவசரத்தில் அடைபட்டால் ‘கேட்ட பாகம்’ ‘கெட்ட பாகம்’ ஆகிவிடும். கேட்டதற்காக அனுப்பியதா, பழுதென்று திருப்பியதா? இரண்டும் பிழையற்ற வாக்கியங்கள். இரண்டும் அந்தத் தாளில் வரக்கூடியவை. இங்கே முதல் வழி, அதே கையின் வேறு சொற்களைப் பார்ப்பது. ‘வேலை’, ‘தேதி’ போல நெடில் மட்டுமே வரும் இடங்களில் மேற்சுழி தெளிவாக இருந்தால், இங்கே இருப்பது குறில் என்று கொள்ளலாம். அங்கும் சுழி இல்லையென்றால் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

இந்த மயக்கம் பழையது. எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டு என்கிறது தொல்காப்பியம். ஓலை கிழியும் என்றஞ்சி ஏட்டில் புள்ளியை விட்டார்கள் என்பது வழக்கமான விளக்கம். அதனால் எகரமும் ஏகாரமும் ஒரே வடிவாயின. குறிலின் புள்ளிக்கு மாறாக நெடிலுக்கு மேற்சுழி தந்தவர் 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. நம் அவசரக் கை அந்தச் சுழியை விடும்போது ஏட்டுக் காலத்துக்கே திரும்புகிறது.

எல்லைப்பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. கன்னடத்தில் ஏகாரத்தின் நீட்டக்குறி எழுத்துக்குப் பின்னால், கடைசியாக வரும். தமிழிலோ மெய்யை எழுதுமுன்பே கொம்பு போட வேண்டும். நீளத்தை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ்த் தாள் எழுத நேர்ந்த கன்னடவழி மாணவர் இங்கே இடறினால், அதைச் சோம்பல் என்று மதிப்பெண் குறைப்பது நியாயமாகப் படவில்லை. கொம்பு போடும் முன் சொல்லை நீட்டி ஒலிக்கச் செய்வதே அவருக்கான பயிற்சி.

ஊர்ப்பெயர்களில் இந்தச் சிக்கல் முற்றுகிறது. ஒசூரை ஒட்டிய பேகேபள்ளியில் ‘பள்ளி’ புள்ளி இழந்தாலும் தெரிந்துவிடும். முன்னிரு கொம்புகள் மயங்கினால் பெகெ, பேகெ, பெகே எதுவும் ஆகலாம். தமிழ்ச் சொல்லறிவு அங்கே துணைக்கு வராது. ஊரை அறிந்தவர் மட்டுமே சரியாகப் படிப்பார்.