குரோம்பேட்டையிலிருந்து வந்த ஒரு பாட்டில் தண்ணீர்



2003-ல் சென்னைப் புறநகரில் தண்ணீர் எவ்வளவு கஷ்டம் என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மழைநீர் சேகரிப்பு கட்டாயமான வருடம் அது. தாம்பரத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு குரோம்பேட்டை மாணவி ஒருத்தி வீட்டு போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வந்தாள். "கடல் தண்ணி உள்ள வந்துடுச்சான்னு அப்பா கேக்கச் சொன்னார் சார்."

குளோரைடு பார்க்க நாம் செய்தது ஜெர்மானியரான மோர் 1856-ல் சொன்ன முறைதான். 20 மில்லி தண்ணீரில் சிறிது பொட்டாசியம் குரோமேட் சேர்த்து, பியூரெட்டிலிருந்து 0.02 நார்மல் சில்வர் நைட்ரேட் விட வேண்டும். வெள்ளி முதலில் குளோரைடைத்தான் பிடிக்கும். அது தீர்ந்த பிறகே குரோமேட்டோடு சேர்ந்து மங்கலான செங்கல் நிறம் காட்டும்.

அவளுக்கு 21 மில்லி செலவானது. எனக்குச் சந்தேகம். pH தாளை நனைத்துப் பார்த்தால் 4! பாட்டிலை பாத்ரூம் ஆசிட்டால் கழுவியிருக்கிறாள். அந்த ஆசிடிலேயே குளோரைடு உண்டு. போதாததற்கு, அமிலத்தில் குரோமேட் அயனி பெருமளவு குறைந்துவிடுவதால் நிறம் தாமதமாக வரும். அதனால்தான் pH-ஐ முதலில் பார்க்கச் சொல்வேன். 6.5-க்குக் கீழே மோர் முறையை நம்பக் கூடாது.

மறுநாள் அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசிய பாட்டிலில் கொண்டு வந்தாள். pH 7.2. இம்முறை 14.4 மில்லி. வடிநீருக்கான 0.2-ஐக் கழித்தால் 14.2. அதை 35.45-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 503 மில்லிகிராம். முந்தைய நாள் கணக்கு 737!

கடினத்தன்மைக்கு 1841-ல் ஸ்காட்லாந்தின் கிளார்க் சோப்புக் கரைசல் விட்டு நுரை நிற்கிறதா என்று குலுக்கிப் பார்த்தார். 1940-களில் சுவார்சன்பாக் கொண்டுவந்த ஈ.டி.டி.ஏ. முறையில் சிவப்பு நீலமானால் முடிந்தது. அவள் தண்ணீரில் 450. பருப்பு வேகாததற்குக் காரணம் அதுதான், குளோரைடு அல்ல.

கடல் வந்ததா? கடல்நீரில் குளோரைடு ஏறக்குறைய 19,000. 503-ஐ மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. செப்டிக் டேங்க் கசிந்தாலும் ஏறும். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. பொதுவாகத் தோல் பதனிடும் தொழிலில் உப்பிட்ட தோலை ஊறவைத்த நீரிலும் குளோரைடு மிகுதி. இந்திய நிர்ணயப்படி குடிக்க 250 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 1000 வரை. "சமைக்க லாரித் தண்ணி, குளிக்க இது. மழைக்குப் பிறகு மறுபடி கொண்டு வாம்மா" என்றேன்.

2005 பெருமழைக்குப் பிறகு, படிப்பு முடிந்தும் கொண்டு வந்தாள். 9.2 மில்லி. கணக்கை அவளே போட்டாள்: 319.