லூ சுனின் முடி வெட்டிய படமும் நான்கு வரிகளும்

சீன எழுத்தாளர் லூ சுன் (1881–1936) மாணவராக இருந்தபோது, 1903இல் தோக்கியோ நகரில் தம் தலைச்சடையை வெட்டிக்கொண்டார். வெட்டிய தலையோடு ஒரு நிழற்படம் எடுத்துத் தம் நண்பர் ஒருவருக்குக் கொடுத்தார். அந்தப் படத்துக்காக அவர் எழுதியளித்த நான்கு வரிக் கவிதை, இன்று சீனப் பள்ளி மாணவர்கள் அறிந்த ஒன்றாக இருக்கிறது. முடியை வெட்டியது ஏன் என்பதற்கு அக்கவிதை ஒரு விடை தருகிறது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவரே எழுதிய கட்டுரை வேறொரு விடை தருகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தப் படத்தின் பொருள் விளங்கும்.

சடை என்னும் சட்டம்

சீன ஆண்கள் முன்தலையை மழித்து, பின்தலை முடியை நீளமாகப் பின்னித் தொங்கவிட்டது அவர்களுடைய பழைய வழக்கமன்று. அது வடகிழக்கிலிருந்து வந்த மஞ்சு இனத்தாரின் வழக்கம். மஞ்சுக்கள் 1644இல் பெய்ஜிங்கைக் கைப்பற்றிச் சிங் அரசை நிலைநிறுத்தினர். மறு ஆண்டு, ஆண்கள் எல்லோரும் தங்களைப் போலவே தலையை மழித்துச் சடை வைக்க வேண்டும் என்று ஆணையிட்டனர். பத்து நாள் கெடு கொடுக்கப்பட்டது. மறுத்தவர்களுக்குத் தண்டனை மரணம். முடியைக் காப்பாற்ற நினைத்தால் தலை போகும், தலையைக் காப்பாற்ற நினைத்தால் முடி போகும் என்ற நிலை உண்டாயிற்று.

பெற்றோர் தந்த உடலையும் முடியையும் சிதைக்காமல் காப்பது மகனின் கடமை என்று கன்பூசிய மரபு கற்பித்திருந்தது. ஆகவே இந்த ஆணை பலரை வாளெடுக்க வைத்தது. யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஜியாங்யின் நகரம் 81 நாட்கள் முற்றுகையைத் தாங்கி நின்று, இறுதியில் வீழ்ந்தது. நகர மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர்.

இருநூறு ஆண்டுகள் கழிந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. வாளால் திணிக்கப்பட்ட சடையை மக்கள் தங்கள் சொந்த அடையாளமாகவே எண்ணத் தொடங்கினர். சடையில்லாதவனைப் பார்த்தால் கலகக்காரன் என்றோ, அந்நியனுக்கு ஆள் என்றோ ஐயுற்றனர். லூ சுன் பிறந்தது இந்தக் காலத்தில்தான்.

தோக்கியோவில் வெட்டிய முடி

லூ சுனின் இயற்பெயர் சோ ஷூரென். சொந்த ஊர் செஜியாங் மாகாணத்தின் ஷாவோசிங். நாஞ்சிங் நகரின் சுரங்க, இருப்புப்பாதைப் பள்ளியில் படிப்பை முடித்தபின், அரசு உதவித்தொகையுடன் 1902இல் ஜப்பானுக்குச் சென்றார். அங்கே சீன மாணவர்களுக்கு ஜப்பானிய மொழியும் அடிப்படைப் பாடங்களும் கற்பித்த கோபுன் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கிருந்த சீன மாணவர்கள் பலர் சடையை வெட்டத் துணியவில்லை. அதை உச்சந்தலையில் சுருட்டி வைத்து, மேலே மாணவர் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டனர். தொப்பி நடுவில் மேடிட்டு ஃபூஜி மலைபோல் நின்றதாக லூ சுன் பிற்காலத்தில் கேலி செய்திருக்கிறார். அவர்கள் வெட்டாததற்குக் காரணம் இருந்தது. மாணவர்களைக் கண்காணிக்கச் சிங் அரசின் அதிகாரிகள் அங்கே இருந்தனர். உதவித்தொகை அவர்கள் கையில் இருந்தது. படிப்பு முடிந்தால் திரும்பிப் போகவேண்டிய நாட்டில் சடை கட்டாயம்.

லூ சுனின் வகுப்பில் முதலில் சடையை வெட்டியவர் அவரே என்று, அதே ஊர்க்காரரும் அதே கல்லூரி மாணவருமான சூ ஷோஷாங் எழுதியுள்ளார். வெட்டிய அன்று லூ சுன் அவருடைய அறைக்கு வந்தாராம். முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததாம். நண்பர் தம் வியப்பைச் சொன்னதும், அவர் தலையைத் தடவிக்கொண்டார், இருவரும் சிரித்தனர். சூ ஷோஷாங் ஏற்கெனவே சடையை வெட்டியிருந்தவர். ஆகவே அவரிடம் விளக்கம் சொல்ல வேண்டிய தேவை லூ சுனுக்கு இருக்கவில்லை.

படத்துக்கு எழுதிய வரிகள்

படம் கல்லூரிச் சீருடையில் எடுக்கப்பட்டது. அதற்கான கவிதை, ஒரு வரிக்கு ஏழு எழுத்தாக நான்கு வரிகளில், மொத்தம் 28 சீன எழுத்துகளில் அமைந்தது. இது பழைய சீன யாப்பு. புதிய தலைமுடிக்குப் பழைய செய்யுள் வடிவத்தைத் தேர்ந்தது கவனிக்கத்தக்கது. லூ சுன் அதற்குத் தலைப்பு எதுவும் இடவில்லை. 'தன் சிறு படத்துக்குத் தானே எழுதியது' என்னும் பொருள் தரும் தலைப்பு, நண்பர் சூ ஷோஷாங் பின்னர் வைத்தது.

அந்நண்பர் தரும் பொருள் சுருக்கமானது. முதல் வரி, அயல்நாட்டில் படிக்கும்போது உள்ளத்தில் ஏற்பட்ட ஆழ்ந்த தாக்கத்தைச் சொல்கிறது. இரண்டாம் வரி, புயலில் சிக்கிய தாய்நாட்டைத் தொலைவிலிருந்து பார்ப்பது. மூன்றாம் வரி, நாட்டு மக்கள் இன்னும் விழிக்கவில்லை என்னும் தனிமை உணர்வு. நான்காம் வரி, தம் குருதியை நாட்டுக்குத் தருவதாகச் செய்யும் உறுதி.

நான்காம் வரியில் நாடு என்ற சொல் வெளிப்படையாக வரவில்லை. அங்கே வருவது சுவான்யுவான் என்னும் பெயர். சீனர்கள் தங்கள் முதல் மூதாதையாகக் கருதும் மஞ்சள் பேரரசரின் பெயர் அது. மஞ்சு ஆட்சியை எதிர்த்தவர்கள் அக்காலத்தில் அப்பெயரை விரும்பிக் கையாண்டனர். மஞ்சு அரசரின் ஆட்சியாண்டை விட்டுவிட்டு, மஞ்சள் பேரரசரிலிருந்து ஆண்டைக் கணக்கிட வேண்டும் என்ற கருத்தும் 1903இல் எழுந்தது. எனவே அப்பெயரைப் படத்துக்கான கவிதையில் எழுதியது, நாட்டுப்பற்றோடு மஞ்சு எதிர்ப்பையும் சேர்த்துச் சொன்னதாகிறது.

முதல் வரியில் வரும் தெய்வ அம்பு எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மேலைநாட்டுக் காதற்கடவுளின் அம்பு என்று கொண்டு, அதை நாட்டின்மேல் கொண்ட காதலாக விளக்குவோர் உளர். வீட்டார் ஏற்பாடு செய்திருந்த, தமக்கு விருப்பமில்லாத திருமணத்தைக் குறித்தது என்போரும் உளர். அத்திருமணம் 1906இல் நடந்தது.

ஆண்டு பற்றிய ஒரு சிக்கல்

1931இல் இக்கவிதையை மீண்டும் தம் கையால் எழுதிய லூ சுன், இதை 21 வயதில் இயற்றியதாகவும் 51 வயதில் எழுதித் தருவதாகவும் குறித்தார். சீன மரபில் குழந்தை பிறந்தவுடனேயே ஒரு வயது. ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒரு வயது கூடும். அக்கணக்கில் 1931இல் அவருக்கு 51 சரி. ஆனால் அதே கணக்கில் 21 என்பது 1901. அப்போது அவர் நாஞ்சிங்கில் சடையோடு படித்துக்கொண்டிருந்தார். அயல்நாட்டிலிருந்து தாய்நாட்டைப் பார்க்கும் கவிதை அங்கே பிறந்திருக்க இயலாது. நிறைவடைந்த ஆண்டுகளை மட்டும் எண்ணினால், 1881 செப்டம்பரில் பிறந்த அவருக்கு 1903 தொடக்கத்தில் 21 வயது. இது நண்பரின் கூற்றோடு பொருந்துகிறது. ஒரே குறிப்பில் இரண்டு கணக்குகள் கலந்துவிட்டன என்று கொள்வதே தகும்.

நான்கு வெள்ளி விலையில் பொய்ச்சடை

வெட்டிய சடையில் ஒரு பாதியைத் தங்கியிருந்த விடுதியின் பணிப்பெண்ணுக்குச் செயற்கை முடி செய்துகொள்ளக் கொடுத்தார். மறுபாதியை முடிதிருத்துபவருக்குக் கொடுத்தார். 1909இல் நாடு திரும்பி ஷாங்காயில் இறங்கியதும் பொய்ச்சடை தேவைப்பட்டது. அங்கே அதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இருந்தார். சடை ஒன்றுக்கு நான்கு வெள்ளி நாணயம், பேரம் கிடையாது. லூ சுன் ஒன்றை வாங்கி, ஒரு மாதத்துக்கு மேல் அணிந்தார். தெருவில் அது கழன்று விழுந்தாலோ, யாரேனும் பிடித்து இழுத்துவிட்டாலோ சடையே இல்லாததைவிட இழிவாகும் என்று எண்ணி, பிறகு கழற்றிவிட்டார். அதன்பின் தெருவில் ஏச்சும் உறுத்த பார்வையும் நாள்தோறும் கிடைத்தன. 'போலி அந்நியப் பேய்' என்னும் ஏச்சு அவற்றுள் ஒன்று. தம் புகழ்பெற்ற 'ஆ கியூ' கதையில் ஒரு பாத்திரத்துக்கு இதையே பெயராக்கினார்.

பின்னர் ஷாவோசிங் பள்ளியில் பணியாற்றியபோது, மாணவர்கள் சிலர் சடையை வெட்ட விரும்பினர். சடை இருப்பது நல்லதா, இல்லாதது நல்லதா என்று அவரிடமே கேட்டனர். இல்லாததுதான் நல்லது, ஆனாலும் நீங்கள் வெட்ட வேண்டாம் என்பது அவர் தந்த விடை. சொல்லும் செயலும் வேறாக இருப்பதாக மாணவர்கள் அவரை இகழ்ந்தனர். வெட்டிய தலையோடு அந்த ஊரில் வாழ்வது எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவர்களுக்குத் தெரியவில்லை. 1920இல் எழுதிய 'முடியின் கதை' இந்த அனுபவங்களிலிருந்து பிறந்தது.

1936ஆம் ஆண்டின் விடை

இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் எழுதிய கட்டுரையில் லூ சுன் இப்பொருளுக்குத் திரும்பினார். அவருடைய ஷாவோசிங் நகரம் பழைய யூவே நாட்டின் தலைநகராக இருந்தது. யூவே மக்கள் முடியைக் குறுக வெட்டி, உடலில் பச்சை குத்திக்கொண்டவர்கள் என்று பழைய சீன வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த முன்னோரைப் பின்பற்றித் தாம் முடி வெட்டவில்லை. அதில் புரட்சி நோக்கமும் இல்லை என்றார் லூ சுன். தொப்பியைக் கழற்றுவது கடினம், உடற்பயிற்சிக்கு இடைஞ்சல், உச்சந்தலையில் சுருட்டினால் புழுக்கம் என்னும் மூன்று தொல்லைகளே காரணம் என்று முடித்தார்.

இதை மட்டும் படித்தால் 1903இன் கவிதை இளமைக்கால மிகை என்று தோன்றலாம். ஆனால் எழுதிய காலத்தைப் பார்க்க வேண்டும். 1911 புரட்சியில் சிங் ஆட்சி வீழ்ந்தது. 1912இல் புதிய குடியரசு சடையை வெட்ட ஆணையிட்டது. அதன்பின், முன்பு சடை வெட்டியதைச் சொல்லிப் புரட்சியாளர் என்று பெருமை தேடுவது எளிதாயிற்று. லூ சுன் அந்தப் பெருமையை மறுத்தார். தொல்லை இருந்தது உண்மையே. ஆனால் அதே தொல்லையைப் பொறுத்துக்கொண்டு தொப்பிக்குள் சடையைச் சுருட்டியவர்களும் அதே கல்லூரியில் இருந்தனர். தொல்லை மட்டுமே காரணம் என்றால் அவர்களும் வெட்டியிருப்பார்கள்.

கவிதையை அவர் 1931இல் தம் கையால் மீண்டும் எழுதினார் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். முடி வெட்டியதை வீரச்செயலாகக் காட்ட அவர் விரும்பவில்லை. நான்காம் வரியில் தந்த சொல்லை அவர் திரும்பப் பெறவும் இல்லை.