ஜிஸ்ட்: குடற்சுவரின் தசையில் வளரும் கட்டி

ஜிஸ்ட் என்பது உணவுப்பாதைச் சுவரின் தசையடுக்கில் தோன்றும் கட்டி. 'கேஸ்ட்ரோஇன்டஸ்டினல் ஸ்ட்ரோமல் டியூமர்' என்ற நீண்ட பெயரின் சுருக்கம் இது. உணவுக்குழாய் முதல் மலக்குடல் வரை எங்கும் வரலாம் என்றாலும் பத்தில் ஆறு இரைப்பையிலும் மூன்று சிறுகுடலிலும் காணப்படுகின்றன. ஆண்டுதோறும் 10 லட்சம் பேரில் 10 முதல் 15 பேருக்கு இது கண்டறியப்படுகிறது. பெரும்பாலும் அறுபது வயதையொட்டி வரும் இந்தக் கட்டி ஆண், பெண் இருவரையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கிறது.

இரைப்பைப் புற்று, பெருங்குடல் புற்று என்று நாம் வழக்கமாகச் சொல்பவை குடலின் உட்பரப்பைப் போர்த்தியிருக்கும் சளிச்சவ்வில் தொடங்குபவை. ஜிஸ்ட் அங்கே தொடங்குவதில்லை. சளிச்சவ்வுக்கும் அதன் கீழடுக்குக்கும் அப்பால், குடலைச் சுருக்கி விரிக்கும் தசைக்குள் காஹால் செல்கள் என்ற தனி வகைச் செல்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. ஸ்பானிய அறிவியலாளர் சந்தியாகோ ரமோன் இ காஹாலின் பெயர் தாங்கியவை இவை. இரைப்பையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று முறை எழும் அசைவு அலைக்குத் தாளம் போடுவது இவைதான். ஜிஸ்ட் இந்தச் செல்களிலிருந்தோ இவற்றின் முன்னோடிச் செல்களிலிருந்தோ உருவாகிறது. கட்டி சுவருக்குள் இருக்கிறது என்ற இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்தால், அது ஏன் தாமதமாகத் தெரியவருகிறது, முதல் சோதனையில் ஏன் நழுவிவிடுகிறது என்பவை விளங்கும்.

தசைக்குள் வளரும் கட்டி குடலின் வழியை எளிதில் அடைப்பதில்லை. பெரும்பாலும் வெளிப்புறமாக, வயிற்றறையின் வெற்றிடத்தை நோக்கிப் புடைத்து வளர்கிறது. அதனால் 8, 10 சென்டிமீட்டர் ஆகும்வரைகூடச் சிலருக்குத் தொந்தரவு எதுவும் தெரியாது. கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, மேல்வயிற்றில் கனம், கையில் தட்டுப்படும் கட்டி ஆகியவை பொதுவான அடையாளங்கள். இவற்றைவிட முக்கியமானது இரத்தக்கசிவு. கட்டியின் மேலிருக்கும் சளிச்சவ்வு நைந்து புண்ணாகும்போது இரத்தம் கசிந்து மலம் தார்போலக் கறுக்கும். கசிவு மெதுவாக இருந்தால் நிறமாற்றம்கூடத் தெரியாது; சோர்வும் மூச்சிரைப்பும்தான் தெரியும். நடுவயதைக் கடந்த ஒருவருக்கு இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வந்தால், இரும்பு மாத்திரையோடு நிறுத்திவிடாமல் இரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். அப்படித் தேடும்போது அகப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

தேடல் வழக்கமாக எண்டோஸ்கோப்பியில் தொடங்கும். இரைப்பைக்குள் கேமராவை இறக்கிப் பார்த்தால் வழவழப்பான ஒரு மேடு தெரியும். அதன்மேல் சளிச்சவ்வு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், சில சமயம் நடுவில் குழிந்த புண் இருக்கும். இங்கேதான் அடிக்கடி ஏமாற்றம் நேர்கிறது. எண்டோஸ்கோப்பியின் சிறு இடுக்கி கிள்ளி எடுப்பது மேலே இருக்கும் சளிச்சவ்வை மட்டுமே. சுவரின் பூச்சைச் சுரண்டிப் பார்த்துவிட்டு உள்ளேயிருக்கும் செங்கல்லைப் பற்றிச் சொல்வது போன்றது அது. 'புற்றுநோய் இல்லை' என்று வரும் திசு அறிக்கை பூச்சுக்குத்தான் பொருந்தும். மேடு தெரிந்தும் திசு இயல்பாக வந்தால், சோதனை இன்னும் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அடுத்த படி எண்டோஸ்கோப்பியின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்திய கருவி. அது குடற்சுவரை ஐந்து அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும். நான்காவது அடுக்குதான் தசை. கறுத்த கட்டி ஒன்று அந்த அடுக்கிலிருந்தே கிளம்பியிருப்பதைப் பார்க்கும் மருத்துவருக்கு ஜிஸ்ட் என்ற ஐயம் வலுக்கும். அதே கருவி வழியாக நுண்ணூசி செலுத்தித் திசுவையும் எடுக்கலாம். வயிற்றுத் தோல் வழியே ஊசி போடுவதைவிட இது விரும்பப்படுகிறது, ஏனெனில் ஜிஸ்ட் மென்மையானது; உடைந்து வயிற்றறைக்குள் சிந்தினால் அங்கங்கே முளைக்கக்கூடும். கட்டியின் எல்லையையும் கல்லீரலிலோ வயிற்றறைச் சவ்விலோ பரவியிருக்கிறதா என்பதையும் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் காட்டும். மேலிருந்தும் கீழிருந்தும் செலுத்தும் வழக்கமான கருவிகள் எட்டாத சிறுகுடலின் நடுப்பகுதியில் இருக்கும் கட்டிகளுக்கு ஸ்கேனே முதல் சாட்சி. எளிதாக அகற்றக்கூடிய கட்டி என்றால் முன்கூட்டித் திசு எடுக்காமல் நேரே அறுவைக்குப் போவதும் உண்டு.

எடுத்த திசு நுண்ணோக்கியின் கீழ் பெரும்பாலும் கதிர்வடிவச் செல்களாகத் தெரியும். தசைக்கட்டியும் நரம்புக்கட்டியும் இப்படியே இருக்கும் என்பதால் பல பத்தாண்டுகளாக ஜிஸ்ட்டுகள் தசைக்கட்டிகளாகவே பதிவாயின. 1983இல் மசூர், கிளார்க் என்ற இருவர் இவற்றைத் தனியாகப் பிரித்து 'ஸ்ட்ரோமல்' என்ற பெயரைக் கொடுத்தார்கள். 1998இல் ஜப்பானின் ஒசாகாவிலிருந்து ஹிரோத்தாவும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட கண்டுபிடிப்புதான் இந்த நோயின் வரலாற்றைத் திருப்பியது. இந்தக் கட்டிகளில் கிட் என்ற மரபணு பழுதாகியிருப்பதை அவர்கள் காட்டினார்கள். கிட் மரபணு செய்யும் புரதம் செல்லின் மேற்பரப்பில் அழைப்புமணிபோல நிற்கிறது. வெளியிலிருந்து உரிய மூலக்கூறு வந்து அழுத்தினால்தான் அது உள்ளே 'பெருகு' என்று செய்தி அனுப்பும். பழுதான கிட்டுக்கு அழுத்துவோர் தேவையில்லை. பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டதுபோல் மணி ஓயாமல் அடிக்கும். ஏறத்தாழ எல்லா ஜிஸ்ட்டுகளிலும் இந்தப் புரதம் மிகுந்திருப்பதால், சிடி117 என்ற அடையாளத்துக்குச் சாயமேற்றிப் பார்ப்பதே இன்று நோயை உறுதிசெய்யும் முதன்மைச் சோதனை. அது ஐயமாக இருந்தால் டாக்1 என்ற மற்றோர் அடையாளம் கைகொடுக்கும்.

பரவாத கட்டிக்கு அறுவையே சிகிச்சை. ஜிஸ்ட் நிணநீர்க் கணுக்களுக்கு அரிதாகவே பரவும் என்பதால் அவற்றையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. இரைப்பையில் ஓர் ஆப்பு வடிவப் பகுதியை வெட்டித் தைப்பதே பல சமயம் போதும். ஆனால் கட்டி உடையாமல் முழுதாக வெளியே வர வேண்டும். உடைந்துவிட்டால், மற்ற அளவுகள் எப்படி இருந்தாலும், நோய் திரும்பும் ஆபத்து மிகும். மற்றபடி ஆபத்தைக் கணிக்கக் கட்டியின் பருமன், 5 சதுர மில்லிமீட்டர் பரப்பில் பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் எண்ணிக்கை, கட்டி இருந்த இடம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இடத்துக்கு எவ்வளவு எடை என்பதை ஓர் எடுத்துக்காட்டு காட்டும். 7 சென்டிமீட்டர் கட்டி, செல்பிரிவு ஐந்துக்கு மேல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அது இரைப்பையில் இருந்தால் நூற்றில் ஏறத்தாழ நான்கு பேருக்குத்தான் நோய் வளர்ந்து பரவும். அதே கட்டி சிறுகுடலில் இருந்தால் ஏறத்தாழ 24 பேருக்கு.

பரவிய ஜிஸ்ட்டுக்கு 2000 வரை உருப்படியான மருந்து இல்லை. வழக்கமான கீமோதெரபிக்கு அது ஏறக்குறைய அசையவே இல்லை. அப்போது சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் நாள்பட்ட மைலாய்டு இரத்தப்புற்றுக்காக இமாட்டினிப் என்ற மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தது. அந்த நோயின் பழுதான புரதத்தில் ஆற்றல் மூலக்கூறு அமரும் குழியை அடைத்து அதை முடக்கும் மருந்து அது. அதே வகைக் குழி கிட் புரதத்திலும் இருந்தது. மருந்து அதிலும் பொருந்தியது.

இதை முதலில் மனிதரில் காட்டியது பின்லாந்தின் ஹெல்சிங்கி. அங்கே ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்கு 1996 அக்டோபரில் இரைப்பையிலிருந்து 6.5, 10 சென்டிமீட்டர் அளவில் இரண்டு கட்டிகளை அகற்றினார்கள். அப்போதே அருகிலிருந்த சவ்வுகளில் சிறு கட்டிகள் சிதறியிருந்தன. பிறகு நோய் கல்லீரலுக்குப் பரவியது. மறுபடி அறுவை, கீமோதெரபி, பிறகு வேறு மருந்துகள் என எதற்கும் நோய் நிற்கவில்லை. 2000 மார்ச்சில் ஹெய்க்கி யோயென்சூவின் குழு அவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இமாட்டினிப் கொடுக்கத் தொடங்கியது. இரண்டே வாரத்தில் எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டிகளின் மொத்தப் பரப்பு வெகுவாகக் குறைந்தது. ஒரு மாதத்தில் பெட் ஸ்கேனில் கட்டிகள் சர்க்கரையை உறிஞ்சுவது நின்றிருந்தது. எட்டு மாதத்தில் பரப்பு முக்கால் பங்கு குறைந்திருந்தது. இந்த ஒற்றை நோயாளியின் விவரம் 2001இல் வெளியானது. அடுத்த ஆண்டே அமெரிக்கா ஜிஸ்ட்டுக்கு இந்த மாத்திரையை அனுமதித்தது.

பெட் ஸ்கேன் முதலிலேயே அணைந்ததும் கட்டிகள் மெதுவாகச் சுருங்கியதும் கவனிக்க வேண்டியவை. மருந்து வேலை செய்யும்போது கட்டி கூழாகவும் நீராகவும் மாறுகிறது. உடனே சிறுப்பதில்லை, சில சமயம் உள்ளே இரத்தம் கசிந்து பெரிதாகக்கூடத் தெரியும். கல்லீரலில் முன்பு கண்ணுக்குத் தெரியாதிருந்த புள்ளிகள் கறுத்துப் புதியவைபோலத் தோன்றும். அளவுகோலை மட்டும் வைத்துப் பார்ப்பவர் மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடக்கூடும். அதனால் சி.டி.யில் கட்டியின் அடர்த்தியையும் அளக்கிறார்கள்: நீளம் 10 விழுக்காடு குறைந்தாலோ அடர்த்தி 15 விழுக்காடு குறைந்தாலோ பலன் உண்டு என்பது சோய் அளவுகோல். மாறாக, கறுத்த கட்டிக்குள் சாயம் ஏறும் சிறு முடிச்சு ஒன்று புதிதாகத் தெரிந்தால், மொத்த அளவு மாறாவிட்டாலும் நோய் விழித்துக்கொண்டது என்று பொருள்.

மாத்திரை யாருக்கு, எவ்வளவு என்பதை மரபணுவில் பழுது எங்கே இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. கிட்டின் 11ஆம் பகுதியில் பழுது இருந்தால், பெரும்பாலோருக்கு அங்கேதான் இருக்கும், 400 மில்லிகிராம் நன்றாக வேலை செய்யும். 9ஆம் பகுதியில் இருந்தால் 800 வரை தேவைப்படலாம். கிட்டின் உறவு மரபணுவான பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ.வில் டி842வி என்ற பழுது இருந்தால் இமாட்டினிப் பலிக்காது. அதற்கு அவாப்ரிட்டினிப் என்ற வேறு மாத்திரை 2020இல் வந்தது. ஆகவே மரபணுச் சோதனை இல்லாமல் மாத்திரையைத் தொடங்குவது சிலருக்கு வீண் நாட்களைத் தரும். என் பார்வையில், செலவைக் காரணம் காட்டித் தவிர்க்கக் கூடாத சோதனை இதுவே.

உணவோடும் நிறையத் தண்ணீரோடும் மாத்திரையை விழுங்க வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியவை வழக்கமான தொந்தரவுகள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி இமாட்டினிப்பை விரைவாகச் சிதைத்துவிடும். இரண்டையும் சேர்த்து உண்பவரின் இரத்தத்தில் மருந்து போதாமல் போகும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இது வெறும் எழுத்தளவு எச்சரிக்கை அல்ல.

அறுவைக்குப் பின் ஆபத்து மிகுந்தவர்களுக்கு மூன்றாண்டுகள் மாத்திரை தருகிறார்கள். ஓராண்டைவிட மூன்றாண்டு உயிர்வாழ்வைக் கூட்டியதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. பரவிய நோய்க்கு மாத்திரையை நிறுத்தவே முடியாது. நன்றாக இருக்கிறோமே என்று நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் கட்டி மீண்டும் வளர்ந்தது. தொடர்ந்து உண்டாலும் பலருக்குச் சில ஆண்டுகளில் கிட்டில் இரண்டாவது பழுது தோன்றி மருந்து நுழையும் குழியின் வடிவம் மாறிவிடும். அப்போது சுனிட்டினிப், அதன் பின் ரெகோராஃபெனிப், அதன் பின் ரிப்ரெட்டினிப் என்று மருந்து மாறும். ஒவ்வொரு அடுத்த மருந்தும் முதல் மருந்தைவிடக் குறைந்த காலமே தாக்குப்பிடிக்கும்.

வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டிய மருந்து என்பதால் அதன் விலையும் மருத்துவத்தின் பகுதியாகிறது. நோவார்ட்டிஸ் இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006 ஜனவரியில் அந்த அலுவலகம் அதை மறுத்தது. பழைய பொருளின் புதிய வடிவம் கூடுதல் பலன் தந்தால்தான் காப்புரிமை என்னும் சட்டப்பிரிவை எதிர்த்து நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலை சொல்லப்பட்டபோது, இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது.