ஞாயிறு சாயங்காலம் ஆனா அழுகை வருதா? வெளிநாட்டில் முதல் குளிர்காலத்தைத் தனியா கடக்கிறவங்களுக்கு...

நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் லைப்சிக் நகரம். மணி நாலுதான் ஆகிறது, வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. பால் வாங்கலாம் என்றால் சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கிறது. அங்கே ஞாயிறு என்றால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சில கடைகளைத் தவிர எல்லாமே பூட்டுதான். ஹாஸ்டல் வராந்தாவில் ஒரு சத்தமும் இல்லை. போனை எடுத்தால் ஃபேமிலி குரூப்பில் அத்தை வீட்டு வளைகாப்பு போட்டோக்கள் வரிசையாக வந்து விழுகின்றன. நீங்கள் மட்டும் அதில் இல்லை.

அக்டோபரில் மாஸ்டர்ஸ் சேர்ந்த பலருக்கும் இந்தக் காட்சி தெரிந்திருக்கும். முதல் மூணு வாரம் ஓடியே போய்விடும். முகவரிப் பதிவு, பேங்க் அக்கவுன்ட், இன்ஷூரன்ஸ், சிம் கார்டு என்று அலைகிறவனுக்கு வருத்தப்பட நேரம் ஏது? எல்லாம் செட்டில் ஆன பிறகுதான் அடி விழும். 'அதான் எல்லாம் நல்லாத்தானே போகுது, எனக்கு என்னாச்சு?' என்று நீங்களே குழம்புவது அந்த நேரத்தில்தான்.

இது உங்கள் பலவீனம் இல்லை, புதுசும் இல்லை. 1688-ம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்தவர்கள் படும் பாட்டைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 'நாஸ்டால்ஜியா' என்ற வார்த்தையே அவர் உருவாக்கியதுதான். ஜெர்மன் மொழியில் இதற்கு 'ஹைம்வே' என்று பெயர். வீட்டு வலி என்று அர்த்தம்.

ஆனால், வீட்டு நினைப்பும் தனிமையும் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் தப்பான மருந்தைச் சாப்பிடுகிறார்கள். அம்மாவின் குரலுக்காக ஏங்குவது ஒன்று. இந்த ஊரில் நான் இன்றைக்கு வெளியே வராவிட்டால் கேட்க ஒரு ஆள் இல்லையே என்பது வேறொன்று. முதலாவதுக்கு வீட்டுக்கு போன் போட்டால் கொஞ்சம் ஆறும். இரண்டாவதுக்கு எத்தனை மணி நேரம் வீடியோ கால் பேசினாலும் ஆறாது. அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-ல் எழுதிய புத்தகத்தில் தனிமையையே இரண்டாகப் பிரித்தார்: மனசுக்கு நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை, கூட்டாளிகள் வட்டம் இல்லாத தனிமை. ஒன்றை வைத்து இன்னொன்றை நிரப்ப முடியாது என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியம். ஊரில் பாசமான காதலன் இருந்தும் லைப்சிக்கில் ஒருத்தி தவிப்பதும், பார்ட்டிக்கு பத்துப் பேரோடு போய்விட்டு வந்து ஒருவன் அழுவதும் இதனால்தான்.

எனக்குத் தெரிந்த கரூர்ப் பெண் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். வயது 23. "சாப்பாடுதான்க்கா பிரச்னை. அம்மா கையால ரசம் சாப்ட்டா சரியாயிடும்" என்றார். சரி, ஒரு வாரத்துக்கு மனசு கனக்கும்போதெல்லாம் நேரத்தையும், அந்த நிமிஷம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதையும் போன் நோட்ஸில் ஒரு வரி எழுது என்றேன். வாரக் கடைசியில் பார்த்தால் ரசம் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது. மீதி எல்லாம் இரவு ஏழரைக்கு மேல், இல்லையென்றால் ஞாயிறு மாலை. வகுப்பு இருக்கும் நேரத்தில் ஒன்றுகூட இல்லை. மனசு சும்மா இருக்கும்போதுதான் ஹைம்வே கதவைத் தட்டும்.

அதென்ன ஏழரைக் கணக்கு? அக்டோபர் கடைசி ஞாயிறு ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றிலிருந்து இந்தியாவுக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு ஏழரை ஆகும்போது இங்கே நள்ளிரவு 12. அதாவது, நீங்கள் நாள் முழுக்க ஓடிக் களைத்து ரூமுக்கு வந்து உட்காரும்போது ஊரில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். அதற்கு அப்புறம் நீங்கள் தூங்கும்வரை போனில்கூட யாரும் இல்லை. அந்தப் பெண்ணோ தினமும் மாலை ஆறு மணிக்கு கால் போடுவார். அம்மா பத்தரை மணித் தூக்கக் கலக்கத்தில் "சாப்டியாம்மா... உடம்ப பாத்துக்கோ" என்று வைத்துவிடுவார். போன் கட் ஆனதும் ரூமின் அமைதி இரண்டு மடங்காகத் தெரியும். மீதி ராத்திரி முழுக்க ஃபேமிலி குரூப்பை ஸ்க்ரோல் பண்ணுவதுதான்.

நாங்கள் முதலில் மாற்றியது கால் நேரத்தை. காலை ஏழரை, டிராமுக்கு நடக்கும் நேரம். ஊரில் மதியம் 12 மணி, அம்மா சமையலறையில் நிற்பார். வீடியோ வேண்டாம், ஆடியோ போதும். பதினைந்து நிமிஷம் பேசிவிட்டு வைத்தால் அடுத்து வகுப்பு காத்திருக்கிறது; வலி உட்காருவதற்கு இடமில்லை. ஞாயிறன்று மட்டும் நீளமான கால். அதிலும் 'அப்புறம்... அப்புறம்...' என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல், போனை சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பக்கமும் சமைப்பது. இது என் அனுபவத்தில் ரொம்பவே வேலை செய்கிறது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருப்பது மாதிரி இருக்கும்.

இன்னொன்று. 'எல்லாம் சூப்பரா இருக்கும்மா' என்ற பொய் அம்மாவுக்காகச் சொல்வதுதான். ஆனால், நீங்கள் பேசும் ஒரே ஆளிடமும் நடிக்க ஆரம்பித்தால் மிச்சம் யார்? எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். "இன்னிக்கு கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு" என்று ஒரு நிஜம் போதும்.

இது வீட்டு நினைப்புக்கு. தனிமைக்கு அந்த ஊரில்தான் ஆள் வேண்டும். இங்கேதான் ஒரு கணக்கு கைகொடுத்தது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முகம் தெரிந்தவர் சாதாரண நண்பராக மாற சுமார் 50 மணி நேரமும், நல்ல நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து இருக்க வேண்டியிருந்தது. வேலையிடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மணிகள் இதில் அவ்வளவாகச் சேரவில்லை. சேர்ந்து சும்மா இருக்கும் மணிகள்தான் சேர்ந்தன. இது சராசரிதான், சட்டம் இல்லை. ஆனாலும் ஒரு ஆறுதல் இருக்கிறது: அக்டோபரில் வந்த உங்களுக்கு நவம்பரில் நண்பர் இல்லை என்றால் அது உங்கள் குணத்தின் குறை இல்லை, மணி நேரம் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கணக்கைப் போடுங்கள். புதுப்புது நிகழ்ச்சிகளுக்குப் போய் ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசினால் 50 பேரிடம் 'ஹாய்' சொல்லலாம், நண்பர் கிடைக்க மாட்டார். அதே இரண்டு மூன்று பேரைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கரூர்ப் பெண்ணின் ஹாஸ்டலில் ஆறு பேருக்கு ஒரு பொதுச் சமையலறை. அவர் அதுவரை அவசரமாகச் சமைத்து, தட்டை ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய் போனைப் பார்த்தபடி சாப்பிடுவார். அதை நிறுத்தி சமையலறை மேஜையிலேயே சாப்பிட ஆரம்பித்தார். ஈரான் பெண் ஒருவரும் ஜெர்மன் பையன் ஒருவரும் பேச்சுக்கு வந்தார்கள். பிறகு புதன் இரவு மூவரும் சேர்ந்து சமைப்பது, இரண்டு மணி நேரம். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு நடை, மூன்று மணி நேரம். வாரத்துக்கு ஐந்து என்றால் பத்து வாரத்தில் 50. (சமையலில் ஒரு எச்சரிக்கை: காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது சமையலறைக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்மோக் அலாரம் அலறினால் ஆறு பேருக்கும் ஒரே நிமிஷத்தில் அறிமுகமாகிவிடுவீர்கள், அப்படி வேண்டாம்.)

நடையை மதியம் ஒன்றுக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. டிசம்பரில் வெளிச்சம் கிடைப்பது காலை எட்டிலிருந்து மாலை நாலு வரைதான். ஞாயிறன்று மதியம் வரை தூங்கினால் நாளின் பாதி வெளிச்சம் போச்சு.

நம் ஆட்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. "ஒரு நாள் மீட் பண்ணலாம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்போம். ஜெர்மன்காரருக்கு அது அழைப்பே இல்லை. "வர்ற புதன், ஏழு மணி, நான் தோசை சுடறேன்" என்றால்தான் காலண்டரில் ஏறும். அதேபோல, சாத்தியிருக்கும் ரூம் கதவு கோபம் இல்லை. அங்கே கதவு சாத்தியே இருக்கும்.

தமிழ் மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப்? கட்டாயம் சேருங்கள். அரிசி எங்கே கிடைக்கும் என்பதிலிருந்து காய்ச்சலுக்கு கஞ்சி வரை அவர்கள்தான் முதல் துணை. வார இறுதி முழுக்க அவர்களோடு மட்டுமே என்றால், படிப்பு முடிந்து அவர்கள் வேறு ஊர் போகும்போது நீங்கள் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

உண்மையான பள்ளம் கிறிஸ்துமஸ். 24-ம் தேதி மதியத்தோடு கடைகள் மூடும். 25, 26 முழு விடுமுறை. உள்ளூர் மாணவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட, ஹாஸ்டல் வெறிச்சோடும். பத்து வாரக் கணக்கும் இங்கே இரண்டு வாரம் தடைபடும். டிசம்பர் தொடக்கத்திலேயே 'யாரெல்லாம் இங்கேயே இருக்கீங்க?' என்று ஹாஸ்டலில் கேட்டு வையுங்கள். நம்மைப் போல தூரத்திலிருந்து வந்தவர்கள் நாலு பேராவது கிடைப்பார்கள்.

எப்போது இது வெறும் ஹைம்வே இல்லை? ஒரு எளிய அடையாளம்: ஆள் கூட இருக்கும்போதாவது, வேலையில் மூழ்கும்போதாவது வலி விலகுகிறதா என்று பாருங்கள். விலகுகிறது என்றால் பெரும்பாலும் வீட்டு நினைப்பு. எதிலுமே பிடிப்பில்லாமல், இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அதே கனம், தூக்கமும் சாப்பாடும் குலைந்து, வகுப்புக்கும் போகவில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். மேலே சொன்ன கால் நேரமும் தோசையும் அதற்குப் போதாது. பல்கலைக்கழக ஊர்களில் மாணவர் நலச் சேவை நிறுவனம் உளவியல் ஆலோசனை தருகிறது. ஊர் பெயரோடு Studierendenwerk Psychologische Beratung என்று டைப் பண்ணித் தேடுங்கள். பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். நீங்கள் சொல்வது பேராசிரியருக்குப் போகாது. ரகசியம் காப்பது அவர்களின் கடமை. வெளியே தெரபிஸ்ட் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் இங்கேயே தொடங்குவது நல்லது. நடு ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 0800 111 0 111, இலவசம், 24 மணி நேரமும் உண்டு. பெரும்பாலும் ஜெர்மனில்தான் பேசுவார்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் 112.

கரூர்ப் பெண்ணுக்கு ஜனவரியிலும் இரண்டு மோசமான ஞாயிறுகள் வந்தன. பொங்கலன்று வகுப்பு முடிந்து வந்து சர்க்கரைப் பொங்கல் வைத்தார். ஜெர்மன் பையன் அதில் இலவங்கப்பட்டைத் தூள் தூவிச் சாப்பிட்டதை இன்னும் மன்னிக்கவில்லை. பிப்ரவரியில் ஒருநாள் குப்பை போடப் போனவர் சாவியை உள்ளேயே வைத்துவிட்டார். அங்கே கதவு சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். ஞாயிறன்று பூட்டு திறக்கிறவரைக் கூப்பிட்டால் பில் பழுத்துவிடும். அவர் யாரையும் கூப்பிடவில்லை. ஸ்பேர் சாவி எதிர் ரூம் ஈரான் பெண்ணிடம் இருந்தது.