மூன்று என்பது வட்டம் அல்ல, பன்னிரண்டு பக்கம்

பழைய சீனக் கணக்கு நூலான ‘ஒன்பது அத்தியாயங்கள்’ வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல மூன்று மடங்கு என்று வைத்துத்தான் கணக்குப் போடும். பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் பரப்பு என்ற அதன் விதி சரியானதுதான். தப்பு அந்த 3-இல் இருக்கிறது. கி.பி. 263-இல் இந்த நூலுக்கு உரை எழுதிய லியு ஹுய் அங்கேதான் கை வைத்தார்.

வட்டத்துக்குள் ஆறு பக்கமுள்ள ஒழுங்கு அறுகோணம் ஒன்றை வரையுங்கள். அதன் ஒரு பக்கம் ஆரத்துக்குச் சமம். லியு ஹுய் ஆரத்தை 10 சுன் என்று எடுத்துக்கொண்டார் (சுன் என்பது அவர்கள் ஊர் நீள அளவு). இப்போது அறுகோணத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் வெளியே இருக்கும் வில்லின் நடுவில் ஒரு புள்ளி வைத்து இணைத்தால் 12 பக்கம் கிடைக்கும். அந்தப் பன்னிரு பக்கத்தின் பரப்பு என்ன?

மையத்திலிருந்து அறுகோணத்தின் அடுத்தடுத்த இரண்டு முனைகளுக்கும், நடுவில் வைத்த புது முனைக்கும் கோடு இழுத்துப் பாருங்கள். பிள்ளைகள் விடும் பட்டம் மாதிரி ஒரு நாற்கரம் தெரியும். அதன் ஒரு மூலைவிட்டம் ஆரம், இன்னொன்று அறுகோணத்தின் பக்கம். இரண்டும் செங்குத்தாக வெட்டுவதால் பரப்பு இரண்டின் பெருக்கலில் பாதி: 10 × 10 ÷ 2 = 50. இப்படி ஆறு பட்டங்கள், ஆக 300. அதாவது ஆரத்தின் வர்க்கத்தைப் போல 3 மடங்கு. ஆக, 3 என்று எடுத்தவர்கள் கணக்கிட்டது வட்டத்தின் பரப்பே இல்லை, அது பன்னிரு பக்க உருவத்தின் பரப்பு! லியு ஹுய் சுட்டிக்காட்டிய குறை இதுதான்.

இந்தப் பட்டம் எல்லாப் படியிலும் வேலை செய்யும். n பக்க உருவத்தின் பக்கம் தெரிந்தால் போதும், 2n பக்க உருவத்தின் பரப்பு வந்துவிடும். அடுத்த படிக்கு 12 பக்க உருவத்தின் ஒரு பக்கம் வேண்டும். அறுகோணப் பக்கத்தில் பாதி 5. மையத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குள்ள தூரம் √(100 − 25) = 8.6603. வில்வரை மீதி 1.3397. மறுபடியும் ஒரு செங்கோண முக்கோணம்: √(25 + 1.7949) = 5.1764. இதை வைத்து 24 பக்கத்தின் பரப்பு 12 × 5.1764 × 10 ÷ 2, அதாவது சுமார் 310.58.

இப்படியே 48, 96 என்று ஏறி, 96 பக்க உருவத்தின் பக்கத்தைக் கொண்டு 192 பக்கத்தின் பரப்பை 314 64/625 என்று எழுதினார். ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் பலகோணம் போட்டுச் சுற்றளவை நெருக்கினார். லியு ஹுய்க்கு வெளிப் பலகோணம் தேவைப்படவில்லை. 96-இலிருந்து 192-க்குப் போகும்போது கூடிய பரப்பு 105/625. பக்கத்தின் மேல் வில்லைத் தொடும் செவ்வகம் நிறுத்தினால் அது இந்தக் கூடுதலைப் போல இரண்டு மடங்காக இருக்கும், வில்லையும் முழுசாக மூடிவிடும். அதனால் வட்டம் 314 64/625-க்கு மேலே, 314 169/625-க்குக் கீழே. நடைமுறைக்கு 3.14 என்று எடுத்துக்கொண்டார்.

இதில் எங்கேயும் கோணத்தின் அளவு வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? டிகிரியும் இல்லை, சைனும் இல்லை. செங்கோண முக்கோணமும் வர்க்கமூலமும் மட்டும்தான். நாம் இன்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம்:

A = ½ · n · R² · sin(360°/n)

n = 192, R = 10 என்று போட்டால் 314.1032. லியு ஹுயின் விடை 314.1024. கையால் போட்ட அத்தனை வர்க்கமூலத்துக்குப் பிறகு இவ்வளவுதான் வித்தியாசம்.

கிரேக்கர்கள் பக்கம் கோணக்கணக்கு இருந்தது. முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்து இரண்டு செங்கோணம் என்பது யூக்ளிடில் உண்டு. அதிலிருந்து எந்தப் பலகோணத்துக்கும் போவதை உரையாசிரியர் புரோக்ளஸ் சொல்கிறார். ஒழுங்குப் பலகோணத்துக்கு இதே மையக் கோடுகள் போதும். 192 முக்கோணம் என்றால் 192 × 180° = 34,560°. அதில் மையத்தைச் சுற்றியுள்ள 360° உட்கோணத்தில் சேராது. கழித்தால் 34,200°, ஒவ்வொரு மூலைக்கும் 178.125°. நேர்கோட்டுக்கு இன்னும் 1.875° குறைவு. மையத்தில் ஒரு முக்கோணத்துக்குக் கிடைக்கும் கோணமும் 360/192, அதே 1.875°தான்.

அதனால் ஒரு வேடிக்கை உண்டு. சூத்திரத்தில் தெரியாமல் மையக் கோணத்துக்குப் பதிலாக உட்கோணம் 178.125°-ஐப் போட்டாலும் விடை மாறாது. இரண்டும் சேர்ந்து 180° என்பதால் இரண்டுக்கும் சைன் ஒன்றுதான். ஆனால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கும்போது 1.875 என்று தட்டினால் ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரும். வட்டத்தைச் சுற்றி நிற்கும் சதுரமே 400-தான், அதற்குள் அடங்காத விடை வந்தால் உடனே பொத்தானைப் பாருங்கள்.